ட்யூப் லைட் வீடியோவில் ஓடும் கறுப்புப் பட்டைகள்

பழைய சோக் வைத்த ட்யூப் லைட்டின் கீழ் செல்போனில் வீடியோ எடுத்தால், படத்தில் மங்கலான பட்டைகள் மேலும் கீழுமாக நகரும். விளக்கிலும் கேமராவிலும் பழுது எதுவுமில்லை.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுழற்சியிலும் விளக்கு இருமுறை பிரகாசமாகி மங்குவதால், நொடிக்கு 100 துடிப்புகள். கண்ணுக்கு அது தெரியாது. செல்போனின் சென்சாரோ முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் பதிவதில்லை, வரிவரியாகப் பதிகிறது. ஷட்டர் நேரம் 1/500 நொடி என்றால், விளக்கு பிரகாசித்த கணத்தில் பதிந்த வரிகள் வெளிச்சமாகவும், மங்கிய கணத்தில் பதிந்தவை இருட்டாகவும் விழும். அதுதான் பட்டை.

நொடிக்கு 30 படம் எடுக்கும்போது, ஒரு படத்துக்குள் மூன்றேகால் துடிப்புக்குச் சற்று அதிகம் வரும். முழு எண்ணாக இல்லாததால் அடுத்த படத்தில் பட்டை இடம் மாறி, ஓடுவதுபோல் தெரிகிறது.

தீர்வு: கேமராவின் ப்ரோ முறையில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 ஆக வையுங்கள். 1/50 நொடியில் ஒவ்வொரு வரிக்கும் சரியாக இரண்டு துடிப்பு கிடைக்கும். எல்லா வரியும் ஒரே வெளிச்சம் பெறும். 60 ஹெர்ட்ஸ் கணினித் திரையைப் படமெடுக்க 1/60 பொருந்தும். சில எல்இடி விளக்குகளும் திரைகளும் வேறு வேகத்தில் துடிப்பவை. அவற்றுக்கு, பட்டை மறையும்வரை ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்க்க வேண்டும்.