பவுண்டரியை விட்டு எம்.இ.க்கு: ஒரு ராஜினாமா கடிதம்

பவுண்டரியின் தரப் பரிசோதகர் முழுநேர எம்.இ. உற்பத்திப் பொறியியல் படிக்கப் போகும்போது எழுதும் ராஜினாமா கடிதத்தில் முதலில் இருக்க வேண்டியது கடைசி வேலை நாள். நியமன ஆணையில் ஒரு மாத முன்னறிவிப்பு என்றிருந்தால், ஜூலை 1 அன்று கொடுக்கும் கடிதத்தில் 'ஜூலை 31 மாலையுடன் விடுவிக்கக் கோருகிறேன்' என்று எழுதலாம். 'கல்லூரி திறந்ததும்' என்று மட்டும் எழுதினால், விடுவிப்புச் சான்று இழுபறியாகும்.

காரணத்துக்கு ஒரு வரி போதும். மணல் சரியில்லை, மேலாளர் கேட்பதில்லை என்ற குறைகளுக்கு இது இடமல்ல.

கூடுதல் கவனம் வேண்டியது பொறுப்பு ஒப்படைப்பில்தான். உதாரணமாக, 40 பம்ப் உறைகள் ஊதுதுளை ஐயத்தால் சிவப்பு அட்டையுடன் ஒதுக்கப்பட்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். துளை சுவரின் மறுபக்கம் வரை ஓடிக் கசிகிறதா என்பது நீர் அழுத்தச் சோதனையில் தெரியும். அது இன்னும் நடக்கவில்லை. பரிசோதகர் சொல்லாமல் போனால், அட்டை கழன்ற உறைகள் நல்லவற்றோடு கலந்து இயந்திரப் பிரிவுக்குப் போய்விடலாம். கசிவு வாடிக்கையாளரிடம்தான் தெரியவரும். ஆகவே உருக்கு எண், எண்ணிக்கை, நிலுவைச் சோதனை மூன்றையும் இணைப்புத் தாளில் குறித்து, அடுத்தவரின் கையொப்பம் வாங்க வேண்டும். அளவுக் கேஜ்களையும், குறிப்பாகத் தன் பெயரிலுள்ள பரிசோதனை முத்திரையையும் ஒப்படைக்க வேண்டும். முத்திரை வேறு கையில் புழங்கினால், தான் பார்க்காத வார்ப்புக்கும் அவர் பெயரே நிற்கும்.

கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்ட தேதியுடன் கையொப்பம் வாங்கி வைப்பது நல்லது. முன்னறிவிப்புக் காலம் எப்போது தொடங்கியது என்பதற்கு அதுவே சான்று.