முகத்தை விடுங்கள், சுவரைப் பாருங்கள்

மணப்பெண் அலங்காரக் கலைஞர்களின் ஆல்பத்தில் ‘முன்–பின்’ படங்கள் வந்தால் நான் முகத்தைப் பார்ப்பதில்லை. பின்னாலிருக்கும் சுவரைத்தான் பார்ப்பேன். முதல் படத்தில் மங்கலாக இருந்த சுவர் இரண்டாவதில் பளிச்சென்று வெளுத்திருந்தால், முகம் பளிச்சிட்டதில் பாதி வேலை விளக்கினுடையது.

நேர்மையாக எடுப்பது கடினமில்லை. ஜன்னலுக்கு எதிரே நாற்காலி போட்டு, அதன் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். செல்போனின் பியூட்டி மோடை அணைத்துவிடுங்கள். இரண்டு படத்திலும் தோளில் அதே வெள்ளைத் துண்டு இருக்கட்டும். அலங்காரம் முடிவதற்குள் வெயில் மாறியிருக்கும்; துண்டு இரண்டிலும் ஒரே வெள்ளையாகத் தெரியும்வரை நிறத்தைச் சரிசெய்யலாம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பருத்தழும்பை மறைத்தது கன்சீலரா, எடிட்டிங்கா என்பது பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்: புடவை ஜரிகை இழை இழையாகத் தெரிய, கன்னம் மட்டும் மெழுகுபோல் இருந்தால் பெரும்பாலும் எடிட்டிங்தான்.

அனுமதியை அலங்காரத்துக்கு முன்பே கேளுங்கள். மண்டபத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் யாரும் யோசித்துச் சொல்லமாட்டார்கள். கடை ஆல்பம், இன்ஸ்டாகிராம், விளம்பரம் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ‘பின்’ படத்துக்குச் சம்மதிப்பவர், தழும்பு தெரியும் ‘முன்’ படத்துக்கு மறுக்கலாம். பிறகு மனம் மாறி நீக்கச் சொன்னால், காரணம் கேட்காமல் நீக்கிவிடுங்கள்.