உங்களுக்குத் தெரியுமா? கோர் சுவர் சாய்ந்ததா, முறுக்கியதா?

லிஃப்ட் குழியைச் சுற்றி எழும் கான்கிரீட் கோர் சுவர், கட்டி முடித்தபின் உண்மையில் எப்படி நிற்கிறது என்று அளந்து சொல்வது 'ஆஸ்-பில்ட்' அறிக்கை. இது வானளாவிய கோபுரங்களுக்கு மட்டுமான பேச்சல்ல: தமிழ்நாட்டு விதிப்படி 18.30 மீட்டரைத் தாண்டினாலே உயர்மாடிக் கட்டடம்தான். பிள்ளைப்பாக்கத்தை அடுத்த வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் குடியிருப்பின் பத்து மாடித் தொகுதிகளும் அந்த வகையே.

சர்வேயர் ஒவ்வொரு தளத்திலும் சுவரின் நான்கு மூலைகளை டோட்டல் ஸ்டேஷனில் அளந்து, வரைபட இடத்திலிருந்து எத்தனை மி.மீ. விலகல் என்று அட்டவணையில் எழுதுவார். 40 மீட்டர் உயரச் சுவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடித்தளம் சரியாக இருக்கிறது. உச்சியில் நான்கு மூலைகளும் கிழக்கே 20 மி.மீ. நகர்ந்திருந்தால் அது சாய்வு. தெற்கு மூலைகள் கிழக்கே 20, வடக்கு மூலைகள் மேற்கே 20 என்றால் சராசரி விலகல் பூஜ்யம். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சுவர் முறுக்கியிருக்கிறது. லிஃப்ட் நேராக ஓடக் கிடைக்கும் அகலம் சாய்வில் 20 மி.மீ. குறையும், முறுக்கில் 40. சராசரியை மட்டும் தரும் அறிக்கையை லிஃப்ட் பொருத்துபவர் நம்ப முடியாது.

அளந்த நேரமும் பதிவாக வேண்டும். வெயில் பட்ட பக்கம் விரிந்து சுவரை எதிர்ப்பக்கம் வளைப்பதால், விடியற்காலை அளவே நம்பகமானது. தளமட்ட அளவுகளுக்குத் தேதியும் அவசியம்: பாரம் ஏற ஏற கான்கிரீட் சுருங்கி, தளமட்டம் மெல்ல இறங்கும்.