தச்சருக்கு உண்டு, கொத்தனாருக்கு இல்லை

ஒரு சமையலறையைப் புதுப்பிக்க வேண்டும். பழைய மேடையை இடிக்க 2 நாள். இடித்த பிறகு சுவரைக் கொத்தி பைப்பும் வயரும் பதிக்க 3 நாள், அதன்மேல் டைல்ஸ் ஒட்ட 4 நாள். இடித்ததும் அளவெடுத்துவிடலாம் என்பதால் தச்சர் வேலையும் அப்போதே தொடங்கலாம்: பிளைவுட் வாங்க 1 நாள், பட்டறையில் அலமாரி செய்ய 4 நாள். டைல்ஸ், அலமாரி இரண்டும் முடிந்த பிறகே அலமாரியைப் பொருத்த முடியும். அதற்கு 2 நாள். எல்லாவற்றையும் கூட்டினால் 16. ஆனால் வேலை முடிய 16 நாள் ஆகாது.

எத்தனை நாள் என்பதை முன்னோக்கிக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஃபார்வர்டு பாஸ் என்பது இதுதான். தொடக்கம் 0. இடிப்பு 2-ல் முடிகிறது, பைப் 5-ல், டைல்ஸ் 9-ல். இன்னொரு பக்கம் பிளைவுட் 3-ல், அலமாரி 7-ல். பொருத்தும் வேலை இரண்டுக்கும் காத்திருப்பதால் பெரிய எண்ணான 9-ஐ எடுக்க வேண்டும். ஆக, 9-ம் நாள் வேலை முடிந்த பிறகு தொடங்கி 11-ல் முடியும்.

இனி 11-லிருந்து பின்னோக்கி வர வேண்டும். இது பேக்வர்டு பாஸ். ஒவ்வொரு வேலையும் அதிகபட்சம் எப்போது முடிந்தால் போதும் என்பதே கேள்வி. பொருத்துவது 9-ல் தொடங்கியாக வேண்டும். எனவே டைல்ஸ், அலமாரி இரண்டுக்கும் கெடு 9. டைல்ஸை 5-ல் தொடங்க வேண்டும், பைப்பை 2-ல். அலமாரியை 5-ல் தொடங்கினால் போதும், பிளைவுட்டை 4-ல் வாங்கப் போனால் போதும்.

பலரும் தடுக்கி விழும் இடம் இடிப்பு வேலை. அதன் பின்னே பைப்பின் 2-ம், பிளைவுட்டின் 4-ம் நிற்கின்றன. போகும்போது பெரிய எண்ணை எடுத்த பழக்கத்தில் இங்கும் 4-ஐ எழுதிவிடுவார்கள். திரும்பும்போது சிறியதைத்தான் எடுக்க வேண்டும். பைப் வேலை 4 வரை காத்திருக்காது. தப்பைக் கண்டுபிடிப்பதும் எளிது. சரியாகப் போட்டால் இடிப்பின் தொடக்கம் மறுபடி 0-வில் வந்து நிற்கும். 4-ஐ எழுதியவருக்கு 2 வரும்.

இரண்டு தொடக்கங்களுக்கும் உள்ள வித்தியாசமே ஃப்ளோட், அதாவது கையிருப்பு அவகாசம். இடிப்பு, பைப், டைல்ஸ், பொருத்துதல் நான்குக்கும் அது பூஜ்யம். கிரிட்டிக்கல் பாத் என்பது அந்தச் சங்கிலிதான். அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனத்தில் 1950-களின் பிற்பகுதியில் மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் உருவாக்கிய முறை இது.

பிளைவுட்டுக்கு 2 நாள், அலமாரிக்கு 2 நாள் என்று அட்டவணையில் தனித்தனியாகத் தெரியும். ஆனால் அது இருவருக்கும் பொதுவான ஒரே 2 நாள். கடைக்காரர் பிளைவுட்டை 2 நாள் தாமதமாகக் கொடுத்தால் தச்சருக்கு மிச்சம் எதுவுமில்லை. தச்சர் அதற்குமேல் ஒரு நாள் லீவு போட்டால், டைல்ஸ் வேலை குறித்த நேரத்தில் முடிந்திருந்தாலும் சமையலறை தயாராக 12 நாள் ஆகிவிடும்.