தொடங்கவே தொடங்காத வேலையைக் காட்டிக்கொடுக்கும் பிங்

ஒரு சிறிய அலுவலகம். உபுண்டு சர்வரில் கணக்குக் கோப்புகள் இருக்கின்றன. தினமும் அவற்றை வேறொரு கணினிக்கு நகலெடுக்க `sync.sh` என்ற ஸ்கிரிப்டை எழுதி, `/etc/cron.daily` கோப்புறையில் வைத்துவிட்டார் அங்குள்ள ஊழியர். கையால் ஓட்டிப் பார்த்தபோது சரியாகவே ஓடியது. ஆனால் மறுநாள் முதல் ஒருநாள்கூட அது ஓடாது.

காரணம், பெயரில் உள்ள புள்ளி. டெபியன், உபுண்டு கணினிகளில் அந்தக் கோப்புறையை ஓட்டும் `run-parts` நிரல், பெயரில் புள்ளி உள்ள கோப்புகளைத் தாண்டிப் போய்விடும். பிழைச் செய்தி வராது. தோற்றுப்போன வேலை ஒரு மின்னஞ்சலாவது அனுப்பக்கூடும். தொடங்காத வேலைக்கு அதை அனுப்பவும் ஆளில்லை. கோப்பு தொலைந்து, பேக்கப்பைத் தேடும் நாளில்தான் விஷயம் வெளியே வரும்.

இந்த மௌனத்தையே எச்சரிக்கையாக மாற்றும் முறை ரயிலிலிருந்து வந்தது. மின்ரயில் ஓட்டுநர் கைப்பிடியை அழுத்திப் பிடித்திருக்கும்வரை வண்டி ஓடும். மயங்கி விழுந்து பிடி தளர்ந்தால் பிரேக் தானாக விழும். கணினியில் அந்தப் பிடிக்கு ஈடாக இருப்பது, வேலை முடிந்ததும் வெளியே உள்ள ஒரு சேவைக்குப் போகும் சிறு பிங்:

```
rsync -a /srv/accounts/ backup:/data/ &&
curl -fsS -m 10 https://hc-ping.com/<id>
```

நடுவில் உள்ள `&&` முக்கியம். நகலெடுப்பு வெற்றியானால்தான் பிங் போகும். அந்த இடத்தில் `;` போட்டால் தோல்வியிலும் போய்விடும். பிறகு எதற்குக் காவல்?

மறுமுனையில் ஹெல்த்செக்ஸ் போன்ற சேவை இரண்டு கணக்குகளை வைத்திருக்கும்: எத்தனை மணிக்கு ஒருமுறை பிங் வரவேண்டும், தாமதமானால் எவ்வளவு நேரம் பொறுக்கலாம். இடைவெளி ஒரு நாள், பொறுமை ஒரு மணி நேரம் என்று வைப்போம். இன்று காலை 6:45க்குப் பிங் வந்தால், நாளை 7:45 வரை சேவை காத்திருக்கும். வராவிட்டால் எச்சரிக்கை அனுப்பும். சர்வரே அணைந்து கிடந்தாலும் அனுப்பும், ஏனென்றால் கடிகாரம் ஓடுவது வேறு இடத்தில். வேலையின் தொடக்கத்திலும் `/start` சேர்த்து ஒரு பிங் அனுப்பினால், தொடங்காத வேலை எது, பாதியில் நின்றது எது என்றும் பிரித்தறியலாம்.

ஆனால் இங்கே ஒரு குழி இருக்கிறது. ஹெல்த்செக்ஸில் புதிதாகப் பதிந்த வேலை, முதல் பிங் வரும்வரை 'புதியது' என்றே நிற்கும். அதுவரை எச்சரிக்கை கிடையாது. முதல் நாளிலிருந்தே ஓடாத நமது `sync.sh` அங்கேயும் தப்பிவிடும்! கையால் ஓட்டும்போதே ஸ்கிரிப்டில் பிங் வரி இருந்திருந்தால் கடிகாரம் தொடங்கியிருக்கும், மறுநாளே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

பிங்குக்கும் எல்லை உண்டு. காலியான கோப்புறையை நகலெடுத்தாலும் அது வெற்றி என்றே போகும்.

எனவே இன்றே `run-parts --test /etc/cron.daily` என்று தட்டிப் பாருங்கள். ஓடப்போகும் கோப்புகளின் பெயர்கள் வரும். உங்கள் ஸ்கிரிப்ட் அதில் இல்லையென்றால் பெயரிலுள்ள புள்ளியை எடுத்துவிட்டு, பிங் வரியைச் சேர்த்து, ஒருமுறை கையால் ஓட்டிவிடுங்கள்.