சைக்கிள் படத்தில் சக்கரம் சரியாக நிற்க

விற்பனைப் பட்டியலில் வரும் சைக்கிள் படம் பெரும்பாலும் வண்டியின் வலப்பக்கத்தைத்தான் காட்டும். செயினும் பல்சக்கரமும் அந்தப் பக்கம் இருப்பதே காரணம். முன் டயரின் நுனி முதல் பின் டயரின் நுனி வரை சாதாரண சைக்கிள் ஏறக்குறைய 180 செ.மீ. நீளம். இருபுறமும் கொஞ்சம் இடம் விட்டால் 220 செ.மீ. அகலம் படத்துக்குள் வர வேண்டும்.

கைபேசிக் கேமராவின் வழக்கமான அகலக் கோணத்தில் இதற்கு ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றாலே போதும். கோளாறும் அங்கேதான் தொடங்குகிறது. ஹேண்டில்பாரின் ஒரு கைப்பிடி கேமராவை நோக்கி நீண்டிருக்கிறது, மற்றது அப்பால் இருக்கிறது. ஒன்றரை மீட்டரில் முன்னது பின்னதைப் போல ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரியும். 100 மி.மீ. லென்ஸுடன் ஆறு மீட்டர் தள்ளிப் போனால் வித்தியாசம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

சக்கரம் வட்டமாகத் தெரிவது தூரத்தைவிடக் கேமராவின் நிலையைப் பொறுத்தது. கேமராவின் முகம் சக்கரத்தின் தளத்துக்கு இணையாக இருக்கும்வரை, வட்டம் படத்தின் ஓரத்தில் விழுந்தாலும் வட்டமாகவே பதியும். நின்றபடி கேமராவைக் கீழே சாய்த்து எடுத்தால் அது நசுங்கிய நீள்வட்டமாகிவிடும். அதனால் அனுபவமுள்ளவர்கள் கேமராவைச் சக்கர அச்சின் உயரத்துக்கு இறக்கி நேராக வைக்கிறார்கள். வண்டியைச் சற்றுத் திருப்பி எடுக்கும்போது சக்கரம் நீள்வட்டமாகத் தெரிவது நியாயமே. 30 பாகை திருப்பினால் அகலம் உயரத்தில் சுமார் 87 விழுக்காடாகும். அப்போதும் நீள்வட்டத்தின் குட்டை அச்சு, சக்கரத்தின் அச்சு படத்தில் போகும் திசையிலேயே அமைய வேண்டும். இது பிசகினால் சக்கரம் வண்டியிலிருந்து கழன்று விழப்போவதுபோல் இருக்கும்.

வரைபவர்கள் அதிகம் தடுமாறுவது ஸ்போக்ஸ் கம்பிகளில். சூரியக் கதிர்போல் மையத்திலிருந்து நேராக இழுத்துவிடுவார்கள். பின்சக்கரத்துக்கு அது பொருந்தாது. செயின் முதலில் சுழற்றுவது நடுவிலுள்ள ஹப்பை. அந்த முறுக்கு ரிம்முக்குப் போய்ச்சேர, கம்பிகள் மையத்தைக் குறிவைக்காமல் பக்கவாட்டில் சாய்ந்து இழுக்க வேண்டும். இப்படிச் சாய்த்துப் பின்னும் முறைக்கு இங்கிலாந்தின் கவென்ட்ரியைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்டார்லி 1874இல் காப்புரிமை பெற்றார்.

36 கம்பிகள் கொண்ட சக்கரத்தை எடுத்துக்கொள்ளலாம். ஹப்பின் இரு தட்டுகளிலும் பதினெட்டுப் பதினெட்டுத் துளைகள், 20 பாகைக்கு ஒன்றாக இருக்கும். ஒரு தட்டின் முதல் துளையிலிருந்து புறப்படும் கம்பி, கடிகாரத் திசையில் 60 பாகை தள்ளி ரிம்மைத் தொடும். அடுத்த துளையின் கம்பி அதே 60 பாகை எதிர்த்திசையில் போகும். இப்படி மாறிமாறி வரைந்தால் ஒவ்வொரு கம்பியும் தன் தட்டின் மூன்று கம்பிகளைக் குறுக்கே வெட்டும். பெரும்பாலான சக்கரங்களில் பின்னல் இதுதான். மறு தட்டு 10 பாகை தள்ளி நிற்பதால், அதையும் வரைந்து முடித்ததும் ரிம்மில் 10 பாகைக்கு ஒரு கம்பி சீராக அமைந்துவிடும். சரிபார்க்க எளிய வழி, ரிம்மில் எண்ணுவது: இடைவெளி எங்காவது சமமாக இல்லையென்றால் ஒரு கம்பி தவறிவிட்டது.

வால்வு இருக்கும் இடத்தையும் கவனிக்கலாம். காற்றடிக்கும் பம்பு எளிதில் நுழைய, அங்கே இருபக்கக் கம்பிகளும் கிட்டத்தட்ட இணையாகப் போகும்படி பின்னுவார்கள்.

தரையைத் தொடுவதில் முதல் விதி, இரண்டு டயர்களும் ஒரே கோட்டில் நிற்பது. ஐந்தில் ஒரு பங்கு அளவில் வரைபவர், 70 செ.மீ. சக்கரத்துக்குத் தரைக்கோட்டிலிருந்து 7 செ.மீ. உயரத்தில் இரு மையங்களையும் குறித்துவிட்டுத்தான் மற்றதைத் தொடங்க வேண்டும். ஆள் ஏறாத வண்டியில் டயர் எவ்வளவு நசுங்கும்? சக்கரத்துக்குப் பத்துக் கிலோ பாரம், சதுர செ.மீ.க்கு 2.8 கிலோ காற்றழுத்தம் என்றால், தரையில் பதியும் பரப்பு மூன்றரைச் சதுர செ.மீ. சொச்சம்தான். கண்ணுக்குத் தெரியும்படி தட்டையாக்கினால் பஞ்சரான வண்டி மாதிரி இருக்கும். பாரத்தை உணர்த்துவது நிழல்: தொடும் இடத்தில் மெல்லிய கருங்கோடாகத் தொடங்கி வெளியே போகப்போக வெளுக்க வேண்டும். பின்னணியை வெட்டி நீக்கிய படத்தில் இந்த நிழலும் சேர்ந்து போய்விடுவதால்தான் வண்டி அந்தரத்தில் மிதக்கிறது. கம்பிகளுக்கு நடுவே பழைய சுவரின் நிறம் ஒட்டிக்கொண்டிருப்பதும் அதே அவசர வேலையின் அடையாளம்.

ஸ்டாண்டு போட்ட வண்டிக்குக் கணக்கு வேறு. இரட்டைக் கால் ஸ்டாண்டில் பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பி நிற்கும். ஸ்கூட்டரின் நடு ஸ்டாண்டிலும் பெரும்பாலும் அப்படித்தான். தரையில் ஊன்றுவது ஸ்டாண்டின் கால்கள் என்பதால் அழுத்தமான நிழல் அவற்றின் அடியில்தான் விழ வேண்டும், பின் டயருக்குக் கீழே பரவலான மங்கல் நிழல் போதும். பக்க ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாயும். வலப்பக்கத்திலிருந்து எடுக்கும்போது சக்கரத்தின் மேல்பகுதி கேமராவைவிட்டு விலகி வட்டம் கெடும். அதனால் பட்டியல் படத்துக்கு வண்டியைப் பக்க ஸ்டாண்டில் விடாமல், மெல்லிய கம்பியாலோ தூண்டில் நரம்பாலோ நிமிர்த்தி நிறுத்தி எடுத்துவிட்டு, அந்தத் தாங்கலைப் பிறகு படத்திலிருந்து அழிப்பதும் உண்டு.