முனைவர் பட்டத்துக்காக ஒரு ராஜினாமா: தாளாளருக்கு என்ன எழுத வேண்டும்?

பள்ளிக்கு ஜூன் முதல் ஏப்ரல் வரை ஓராண்டு. பல பல்கலைக்கழகங்களிலோ முனைவர் பட்டச் சேர்க்கை ஜனவரியிலும் ஜூலையிலும் நடக்கிறது. இரண்டும் ஒத்துப்போவதே இல்லை. ஜூலையில் ஆராய்ச்சிக்குச் சேர்கிறவர், பள்ளி திறந்த சூட்டோடு கிளம்ப வேண்டும். ஜனவரியில் சேர்கிறவரோ பொதுத்தேர்வு நெருங்கும்போது பிளஸ் டூ வகுப்பை விட்டுவிட்டுப் போக வேண்டும். அதனால்தான் முழுநேர ஆராய்ச்சிக்குப் போகும் ஆசிரியரின் ராஜினாமாக் கடிதம், வேறு பள்ளிக்கு மாறுகிறவர் எழுதும் இரண்டு வரிக் கடிதம் போல இருக்க முடியாது.

ராஜினாமா உண்மையிலேயே தேவையா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள் பகுதிநேர முனைவர் பட்டத்தையும் அனுமதிக்கின்றன. அதற்கு வேண்டியது பள்ளி தரும் தடையின்மைச் சான்று. வேலையை விட வேண்டியதில்லை. முழுநேரம் என்றால் கதை வேறு. குறைந்தது மூன்று ஆண்டு படிக்க வேண்டும். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். பெற்றவருக்கு முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, வீட்டு வாடகைப்படி தனி. அதை வாங்கிக்கொண்டே வேறு இடத்தில் சம்பளமும் வாங்கக் கூடாது. ஆகவே பள்ளியின் கடைசி வேலைநாள் முதலில் வர வேண்டும், பல்கலைக்கழகத்தில் சேரும் நாள் அதன் பிறகு வர வேண்டும். இரண்டும் ஒரு நாள்கூட ஒன்றன்மேல் ஒன்று விழக் கூடாது.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். மெட்ரிகுலேஷன் மேல்நிலைப் பள்ளியொன்றில் பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளுக்கு வேதியியல் எடுக்கும் முதுகலை ஆசிரியை. பணியில் சேர்ந்து ஏழு ஆண்டு ஏழு மாதம் ஆகிறது. ஜனவரி 2 அன்று ஆராய்ச்சியில் சேர வேண்டும். ஒரு மாத முன்னறிவிப்பு, இல்லையேல் ஒரு மாதச் சம்பளம் என்று நியமன ஆணை சொல்கிறது. பல்கலைக்கழகத்தின் சேர்க்கை ஆணை கைக்கு வந்த பிறகே, நவம்பர் 20 அன்று கடிதம் கொடுக்கிறார். நேர்முகம் நன்றாகப் போயிற்று என்ற நம்பிக்கையில் கொடுக்கவில்லை.

அனுப்புநர்: முதுகலை ஆசிரியை, வேதியியல்
பெறுநர்: தாளாளர் அவர்கள்
வழி: முதல்வர் அவர்கள்
பொருள்: பணி விலகல், பொறுப்பு ஒப்படைப்பு தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

முழுநேர முனைவர் பட்ட ஆய்வுக்கு எனக்கு இடம் கிடைத்துள்ளது. ஜனவரி 2 அன்று சேர வேண்டும். எனவே டிசம்பர் 31 பிற்பகல் முதல் பணியிலிருந்து விலகுகிறேன். நியமன ஆணை கோரும் ஒரு மாத முன்னறிவிப்புக்கு மேலாகவே இக்கடிதத்தை அளிக்கிறேன். சேர்க்கை ஆணையின் நகல் இணைப்பில் உள்ளது.

பிளஸ் டூ பாடத்தில் 13 அலகுகள் முடிந்துள்ளன. மீதமுள்ள உயிரியல் மூலக்கூறுகள், அன்றாட வாழ்வில் வேதியியல் ஆகிய இரண்டையும் அரையாண்டுத் தேர்வுக்கு முன் முடித்துவிடுவேன். அரையாண்டு விடைத்தாள்களைத் திருத்தி, மதிப்பெண்களைப் பதிவேட்டில் ஏற்றிய பின்பே செல்வேன்.

ஆய்வகப் பொருட்களை இருப்புப் பதிவேட்டுடன் சரிபார்த்து, தாங்கள் குறிப்பிடும் ஆசிரியரிடம் டிசம்பர் 29 அன்று ஒப்படைக்கிறேன். புதிய ஆசிரியர் அதற்கு முன்பே வந்தால் ஒரு வாரம் அவருடன் சேர்ந்து வகுப்புக்குச் செல்லத் தயார். செய்முறைத் தேர்வு முடியும் வரை சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம், ஊதியமின்றி, மாணவர்களின் ஐயங்களைத் தொலைபேசியில் தீர்த்துவைப்பேன்.

பணிவிடுப்பு ஆணை, அனுபவச் சான்று, என் அசல் சான்றிதழ்கள் ஆகியவற்றை டிசம்பர் 31 அன்று வழங்கிட வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,

இந்தக் கடிதத்தின் உயிர் “விலகுகிறேன்” என்ற சொல்லில் இருக்கிறது. “விலக அனுமதி தர வேண்டுகிறேன்”, “தாங்கள் ஏற்றுக்கொள்ளும் பட்சத்தில்” என்று பணிவாக எழுதுவதே பலருக்கும் வழக்கம். அப்படி எழுதினால் அது விண்ணப்பம் ஆகிவிடுகிறது. “பொதுத்தேர்வு முடியட்டும், பார்க்கலாம் டீச்சர்” என்று நிர்வாகம் சொல்லிவிட்டால் ஜனவரி 2 போய்விடும். பணிவைக் காட்ட வணக்கமும் முறையான நடையும் போதும். தேதியில் மட்டும் பேரத்துக்கு இடம் வைக்கக் கூடாது.

விலகும் காரணம் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிட்டதையும் கவனியுங்கள். ஆய்வுத் தலைப்பு, நெறியாளரின் பெருமை, சிறுவயதுக் கனவு எதுவும் தாளாளருக்குத் தேவையில்லை. “பிளஸ் டூவை யார் பார்ப்பது?” என்பதுதான் அவருடைய கவலை. அதனால்தான் கடிதத்தில் பாதி அதற்குப் பதில் சொல்கிறது.

அந்தப் பதிலில் ஒவ்வொரு வாக்குறுதிக்கும் ஓர் எல்லை இருக்கிறது. “எப்போது வேண்டுமானாலும் உதவுகிறேன்” என்று எழுதியிருந்தால் மார்ச் வரை தினமும் போன் வரும். ஆராய்ச்சியின் முதல் பருவத்தில் வரும் பாடவேலை கெடும். சனிக்கிழமை, ஒரு மணி நேரம், செய்முறைத் தேர்வு வரை என்று வரையறுத்ததால் இரு தரப்புக்கும் கணக்கு தெளிவு. ஊதியமின்றி என்ற சொல்லும் சும்மா வரவில்லை. பள்ளி நன்றியோடு மாதம் இரண்டாயிரம் கொடுத்தால்கூட, உதவித்தொகை விதியோடு அது மோதும்.

ஒப்படைப்பில் சிக்கல் வருவது பெரும்பாலும் ஆய்வகத்தில்தான். பதிவேட்டில் 40 பியூரெட் இருக்கும். அலமாரியில் 33தான் நிற்கும். உடைந்த ஏழும் உடைந்த அன்றே உடைவுக் கணக்கில் ஏறியிருக்காது. டிசம்பர் 31 மாலை இது தெரியவந்தால் கடைசிச் சம்பளம் நிற்கலாம். இரண்டு நாள் முன்னதாக, பொறுப்பேற்பவர் முன்னிலையில் எண்ணி, குறைவை எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். மதிப்பெண் பதிவேட்டோடு இன்னொரு தாளும் தரலாம். அரையாண்டில் தவறியவர்கள் யார், யார் டைட்ரேஷனில் முடிவுப்புள்ளியைத் தாண்டிவிடுகிறார்கள், யாருக்குக் கரிம வேதியியல் மட்டும் தகராறு என்று பெயர்வாரியாக ஒரு பக்கம். ஜனவரியில் திருப்புதல் நடத்தப் போகிறவருக்குப் பாடக்குறிப்பேட்டைவிட அது உதவும்.

இனி பணம். ஐந்து ஆண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்கு, தானாக விலகினாலும் பணிக்கொடை உண்டு. பணிக்கொடைச் சட்டத்தில் 2009இல் செய்யப்பட்ட திருத்தம், 1997 ஏப்ரல் 3 முதல் தனியார் பள்ளி ஆசிரியர்களும் அதற்குள் வருவார்கள் என்றது. 2022இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, பணியாண்டுகளால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் உள்ள மிச்சம் முழு ஆண்டாகும். நம் ஆசிரியைக்கு இரண்டும் சேர்ந்து 26,000 ரூபாய் என்றால் ஓர் ஆண்டுக்கு 15,000. ஏழரைக்கு மேல் என்பதால் எட்டு ஆண்டு. மொத்தம் 1,20,000 ரூபாய். இதைக் கடிதத்தில் கேட்க வேண்டாம், தனி விண்ணப்பமாகக் கொடுப்பதே முறை. வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் பள்ளி விலகல் தேதியைப் பதிந்துவிட்டதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

சில பள்ளிகள் ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கின்றன. பல்கலைக்கழகத்தில் சேரும் அன்று அசலைத்தான் கேட்பார்கள். அதனால் பட்டச் சான்று, மதிப்பெண் பட்டியல் என ஒவ்வொன்றின் பெயரையும் குறிப்பிட்டு, நவம்பரிலேயே தனிக்கடிதம் கொடுத்துவிடுவது நல்லது. அனுபவச் சான்றில் கல்வி அலுவலரின் மேலொப்பம் வேண்டுமென்றால் அதற்கும் சில வாரம் பிடிக்கும்.

எந்தக் கடிதத்தையும் இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிவிட வேண்டும். முன்னறிவிப்புக் காலம் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடுகிறது.